அழுகை முடிந்த இடம்

ஊரைவிட்டு வந்து குடியேறிய பிளாக்டவுனில் ஒரு வீட்டுக் கராஜுக்குள் நாங்கள் தமிழ் பொட்காஸ்ட் நடத்திய காலம். ஊரில் போர் முடிந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. பேட்டி எடுப்பவர் ஊரில் வானொலி அறிவிப்பாளராக இருந்த ஒரு அண்ணர். பதிவை வெட்டி ஒட்டுவது நான்.

அந்த முறை பேச வந்தவர் பக்கத்துக் குவேக்கர்ஸ் ஹில்லில் மகளோடு இருந்த ஒரு அன்ரி. போரின் கடைசி நாட்களில் அவருடைய மகனை ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவனைக் காணவில்லை. அன்ரி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார்.

"எங்கயாவது ஆரும் கண்டிருப்பினம் தம்பி. அதுக்குத்தான் வந்தனான்" என்றார்.

இரண்டு மணித்தியாலத்தை யார் கேட்பார்கள்? சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, மகனின் படத்தை மேலே வைத்து, யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் போடுவதென்று முடிவெடுத்தோம். நான் முழுவதையும் கேட்டு நல்ல இடங்களைக் குறித்தேன். எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். இடது புருவத்துக்கு மேலே வெட்டுக் காயம், வலது கையில் சுடுதண்ணீர் பட்ட தழும்பு, நடக்கும்போது ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும் என்று அவர் அடையாளம் சொன்ன இடம். ஆனால் அது "அது அவனுக்குச் சின்னனில வந்தது" என்று தொடங்கியது. எது, எவனுக்கு? முன்னால் உள்ளதை வெட்டியதும் தலை இல்லாத பேச்சாகிவிட்டது. அன்ரியைத் திரும்பக் கூப்பிட்டு, "என்ட மகனுக்கு இடது புருவத்துக்கு மேல ஒரு காயம் இருக்கு" என்று முதல் வரியைப் புதிதாகச் சொல்லவைத்து ஒட்டினேன். அன்றைக்கு வெளியே மழை, அந்தச் சத்தமும் பதிவில் விழுந்தது. ஒட்டுப் போட்ட இடம் காதுக்குத் தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டேன்.

அண்ணர் வேறு இடத்தைப் பிடித்துக்கொண்டார். பஸ் கதவு சாத்தப்பட்டதைச் சொல்லும்போது அன்ரி குரல் உடைந்து அழுத இடம். "இதில தொடங்கினாத்தான் சனம் நிக்கும்" என்றார்.

அன்ரி கண்டிப்பாக மறுத்தார். "அதை விடுங்கோ. அவன் எங்கயாவது இருந்து பார்த்தானெண்டால், அம்மா அழுறா எண்டு அந்தரப்படுவான்."

அண்ணர் விடவில்லை. கதைத்துக் கதைத்து, பிள்ளைக்காகத்தானே என்று சொல்லி, அவரைத் தலையாட்ட வைத்துவிட்டார். இரண்டு துண்டையும் போட்டோம்.

அழுகைத் துண்டு கனடா, லண்டன் என்று ஓடியது. அடையாளத் துண்டு எங்கள் சொந்தக்காரரைத் தாண்டவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தாய் பிள்ளையைத் தேடுகிறாள், பார்க்கிறவர்கள் கீழே கண்ணீர் முகப் பொம்மை போட்டுவிட்டுப் போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் கோயிலில் அன்ரியைக் கண்டேன். ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தனாங்கள் அன்ரி, தாங்கேலாமப் போச்சு" என்றாள்.

"மற்றதையும் பார்த்தனீங்களோ பிள்ளை? காயத்தைப் பற்றிச் சொன்னது?"

பார்க்கவில்லை. அடுத்து வந்தவரும் பார்க்கவில்லை. அன்ரி விடாமல் எல்லோரையும் கேட்டார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அழுறதை முன்னுக்குப் போட்டு, அதோடயே அடையாளத்தை ஒட்டிவிடுங்கோ. அழுதது காணாதெண்டால் சொல்லுங்கோ, வந்து திரும்ப அழுறன்."

நான் வீட்டுக்கு வந்து அப்படியே ஒட்டினேன். அழுகை, அதன் பின்னால் உடனே காயம், தழும்பு, தோள். புதிய துண்டும் நன்றாக ஓடியது. எத்தனை பேர் எதுவரைக்கும் பார்க்கிறார்கள் என்று யூடியூபில் ஒரு கோடு காட்டும். அழுகை முடியும்வரை கோடு உயரத்தில் நின்றது. அவர் மூக்கைச் சிந்திவிட்டு "என்ட மகனுக்கு" என்று தொடங்கும் இடத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒருவரும் இல்லை. அழுகையைக் குறைத்துப் பார்த்தேன், தழும்பை முதலில் வைத்துப் பார்த்தேன், படத்தின் மேல் பெரிய எழுத்தில் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்ரி அடிக்கடி ஃபோன் எடுப்பார். அன்றைக்கும் எடுத்தார்.

"கன பேர் பார்த்திருக்கினமாம், மகள் சொன்னவள். காயம் சொல்லுற இடம் வரைக்கும் ஆக்கள் நிக்கினமோ தம்பி?"

அந்தக் கோடு என் முன்னால் திறந்தே இருந்தது.

"ஓம் அன்ரி, நிக்கினம்" என்றேன்.

"அவ்வளவு பேர் கேட்டும் ஒருத்தரும் அவனைக் காணேல்லையெண்டால்," என்றார் அன்ரி, "அப்ப அவன் இல்லைத்தான், என்ன?"