பிழை மட்டும் பார்த்த அண்ணி

அண்ணி அச்சகத்தில் பிழை திருத்துபவர். "கமாவும் புள்ளியும் பார்க்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று விருந்தாளிகள் முன்னால் கொழுந்தன் சிரித்ததை அவர் மறக்கவில்லை.

குடியிருப்புச் சங்கச் செயலாளரான அந்தக் கொழுந்தனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. நாளை முதல் இரண்டு நாள் தண்ணீர் வராதாம். வரிக்கு வரி எழுத்துப்பிழை.

"குரூப்ல போடணும் அண்ணி. பிழை மட்டும் பாருங்க, கருத்தெல்லாம் வேணாம்."

போன வருடமும் சுற்றிய புரளி அது என்று அண்ணிக்குத் தெரியும். இருந்தும் அரசு அறிவிப்பு போலப் பளிச்சென்று திருத்தி அனுப்பினார். அவன் அதை நகலெடுத்துக் குழுவில் ஒட்டினான். ஒட்டிய செய்தியில் 'ஃபார்வர்டு' என்ற குறிப்பு வராது. செயலாளரே எழுதியதாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வீடு குடமும் வாளியும் நிரம்பின. மாலைக்குள் பொதுத்தொட்டி காலி. தண்ணீர் அலுவலகம் செய்தியை மறுத்ததும் குழு கொதித்தது.

"எனக்கு வந்ததைத்தான் போட்டேன்!"

"உங்க பேர்லதானே இருக்கு? முதல்ல பதவியை விட்டு இறங்குங்க சார்."

இறங்கினான். நேரே அண்ணியிடம் வந்தான்.

"பொய்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, ஏன் சொல்லல?"

"பிழை மட்டும்தானே பார்க்கச் சொன்னீங்க, தம்பி? அதுல ஒண்ணு இருந்தா காட்டுங்க."