மழை நாட்களில் மட்டும்

பழைய கட்டடங்களைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இத்தனை வருஷத்தில் எழுதியதில் ஒரே ஒரு வரியை அழிக்க விடுவார்கள் என்றால், தென்காசியில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு எழுதிய வரியைத்தான் அழிப்பேன்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் அது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, தட்டை ஓடு பதித்த மொட்டைமாடி. பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் இருக்கிறது. இஷ்டத்துக்குக் கை வைக்கக் கூடாது. ஆனாலும் எந்தப் புண்ணியவானோ ஒழுகின இடத்திலெல்லாம் சிமெண்டைப் பூசி வைத்திருந்தான். பள்ளி திறந்த முதல் வாரம், நிர்வாகம் கூப்பிட்டு, கொத்தனார் அண்ணாச்சியோடு போனேன்.

மேலே தண்ணீர் போகும் துவாரங்களில் சருகு அடைத்துக் கிடந்தது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர் விட்டிருந்தது. சிமெண்டுப் பூச்சு வெடித்து, அதன் வழியே இறங்கின தண்ணீர் வெளியேற வழியில்லாமல் காரைக்குள்ளேயே தங்கியிருந்தது. கீழே மூன்றாம் வகுப்பு அறையில் ஏணி போட்டு ஏறி, கட்டை சுவருக்குள் நுழையும் முனையில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது.

“சார், இது நிக்கதே சாமி புண்ணியத்துலதான்” என்றார் அண்ணாச்சி.

என்ன எழுத வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. முதல் வேலை, அறையை இன்றே பூட்டி, கட்டைக்கு முட்டுக் கொடுப்பது. மற்றதெல்லாம் அப்புறம். தலைமை ஆசிரியையிடம் அதைத்தான் சொன்னேன். கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், மூன்றாம் வகுப்புக்கும் அவரேதான் டீச்சர். முகம் செத்துப்போனது.

“ரூம மூடுனா பள்ளிக்கூடம் இடியப் போவுதுன்னு ஊரெல்லாம் பேச்சாயிரும் சார். ஒவ்வொருத்தரா டி.சி. வாங்கிட்டு இங்கிலீஷ் மீடியத்துக்குப் போயிருவாவ. பிள்ளைய இல்லன்னா பள்ளிக்கூடமே இல்ல. கொஞ்சம் பாத்து எழுதுங்க சார்.”

பாத்து எழுதினேன், படுபாவி. துவாரங்களைச் சுத்தம் செய்வதும் அரசங்கன்றை வேரோடு எடுப்பதும் முதலாவது. முட்டுக் கொடுப்பது இரண்டாவது, ஒரு மாதத்துக்குள். அதன் கீழே, ‘மழை நாட்களில் மூன்றாம் வகுப்பு அறையைப் பயன்படுத்த வேண்டாம்’ என்று ஒரு வரி. பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் எழுதிவிட்டதாக எனக்குள் ஒரே பெருமை.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தது. பத்து நாளாகச் சாரல். எங்கள் பக்கத்தில் சாரலை யாரும் மழை என்று சொல்ல மாட்டார்கள். குடை எடுக்க மாட்டோம், கொடியில் துணி காயப்போடுவதைக்கூட நிறுத்த மாட்டோம். “மழையா பெய்யுது?” என்று கேட்டால், “இல்ல, சாரல்தான்” என்போம். வெளியூர்க்காரன் தெரியாமல் எழுதினான் என்றால் மன்னிக்கலாம். நான் பக்கத்திலேயே இருக்கிற வடகரைக்காரன். எனக்குப் புத்தி எங்கே போச்சு?

கட்டைக்கு மழையைவிடச் சாரல்தான் எமன். மழை கொட்டிவிட்டு ஓடிவிடும், வெயில் வந்தால் காய்ந்துவிடும். சாரல் நின்று நின்று ஊறும். காயவே விடாது.

டீச்சர் என் வரியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். நடுவில் ஒரு நாள் நிஜமாகவே மழை கொட்டியபோது பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறார். சாரல் நாட்களில் வழக்கம்போல அறையில்தான் பாடம். அறிக்கை கொடுத்த மூன்றாவது வாரம், முட்டுக்கு மரம் இன்னும் வந்து சேராத நிலையில், பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவர் மேஜையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். கட்டை முனை சுவரிலிருந்து நழுவி, செங்கலும் காரையுமாகச் சரிந்தது. வலது முழங்கை நொறுங்கிப்போனது. அண்ணாச்சிதான் போனில் சொன்னார்.

மறுநாளே இரண்டாவது அறிக்கை எழுதினேன். கட்டடம் முழுக்கப் பூட்டப்பட்டது. அவர் பயந்தபடியே பாதிப் பேர் டி.சி. வாங்கிப் போனார்கள். ஆக, பள்ளிக்கூடத்தையும் நான் காப்பாற்றவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக நாலு நாள் தைரியம் வரவில்லை. போனபோது கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீங்க எழுதின மாதிரிதான் சார் நடந்துகிட்டேன். அன்னைக்கு மழையே இல்ல, சாரல்தான்.”

“தப்பு என்னோடது டீச்சர். மூடச் சொல்லித்தான் எழுதியிருக்கணும்.”



“எழுதியிருந்தா ஒங்ககிட்ட சண்டைக்கு வந்திருப்பேன் சார்” என்றார். “ஆனா மூடியிருப்பேன்.”