படத்துக்கா, கழுத்துக்கா

ஆவடித் தொழிற்சாலையில் அந்தப் பிரிவில் யார் ஓய்வு பெற்றாலும் பூ வாங்குவது செங்கல்வராயன்தான். இருபது வருஷமாக அப்படி. ஓய்வு பெறுகிறவரையும் மனைவியையும் கேட்டில் நிற்கவைத்து ஜோடி மாலை போடுவார்கள். ரோஜாவும் சம்பங்கியும் கலந்து கட்ட வேண்டும். வெறும் சாமந்தி கூடாது, சாவு வீட்டு ஞாபகம் வரும். மனைவியின் தலைக்கு நாலு முழம் மல்லி. அது கேட்டில் மொட்டாக இருந்து, வீடு போய்ச் சேர்ந்தபின் விரிய வேண்டும்.

தொண்ணூற்றிரண்டு ஆகஸ்ட் கடைசி நாளில் செங்கல்வராயனுக்கே ஓய்வு. மனைவி ஞானம்மாள் ஜனவரியில் இறந்துபோயிருந்தாள்.

"அண்ணே, ஒனக்கு நீயே மாலை வாங்கினு வரச் சொல்றது அசிங்கமாத்தான் கீது," என்றான் கூட வேலை செய்யும் லட்சுமணன். "ஆனா நீ லீவுல இருந்தப்போ நான் வாங்கின கதைதான் ஒனக்குத் தெரியுமே? கேட்டுக்கு வர்றதுக்குள்ள நாருதான் மிச்சம்."

"பாலித்தீன் பையில போட்டு மூடின. பூ வெந்துபோச்சு," என்றார் செங்கல்வராயன். காலையிலேயே கிளம்பினார்.

ஸ்டேஷன் வாசலில் பூக்கார நாகம்மாள் கூடையை நகர்த்தினாள். "வா அண்ணாத்தே. இன்னிக்கு யாரு ரிட்டயரு?"

"நான்தான். ரெண்டு மாலை, நாலு முழம் மல்லி." வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அவள் கை நின்றது. ஜனவரியில் சாமந்தி மாலை கட்டிக் கொடுத்தவளும் அவள்தான்.

"ரெண்டாவது மாலை படத்துக்கா, கழுத்துக்கா? படத்துக்குன்னா குட்டையா, குஞ்சமில்லாம கட்டணும். சொன்னாத்தான் கட்ட முடியும்."

எத்தனையோ பேருக்கு யோசிக்காமல் பதில் சொன்னவர். இப்போது ஒரு ரயில் வந்து, நின்று, போயிற்று. ஒன்று என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். படத்துக்கு என்றாலும் யாரும் தப்பு சொல்லமாட்டார்கள்.

"கழுத்துக்கே கட்டு," என்றார்.

நாகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நீளமாகவே கட்டினாள். அவர் வழக்கம்போல மாலைகளையும் மல்லியையும் தனித்தனியாக வாழையிலையில் சுருட்டி, துணியை நனைத்துப் பிழிந்து மேலே சுற்றினார். பூவின்மேல் சொட்டுத் தண்ணீர் படவில்லை.

நாலரை மணிக்குக் கேட்டில் ஒரு மாலையை அவருக்குப் போட்டார்கள். கை தட்டினார்கள். இன்னொரு மாலைப் பொட்டலத்தைப் பார்த்து லட்சுமணன் ஏதோ கேட்க வந்தான். அதையும் மல்லியையும் செங்கல்வராயன் பிரிக்காமல் கையிடுக்கிலேயே வைத்திருந்தார்.

வீட்டில் ஞானம்மாளின் படம் சின்னது. மாலையை மாட்டியதும் இரண்டு பக்கமும் இறங்கி, குஞ்சம் கீழே இருந்த அலமாரித் தட்டில் கிடந்தது. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. அவர் எடுக்கவில்லை. மல்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். ஒரு மொட்டுகூட வாடியிருக்கவில்லை. நுனிகள் அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தன. மறுபடி மூடினார். துணி காய்ந்திருந்தது. எழுந்துபோய் நனைத்துப் பிழிந்து, திரும்பவும் சுற்றி வைத்தார்.