பெயர் வராத வகுப்பு

என் மனைவி அரபி டீச்சர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மொழி மையம். மாலை வகுப்புகள் அவளுடையவை. வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் டிரைவர்கள், நர்சுகள், ஓட்டல் சமையல்காரர்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து கொட்டாவி விடுகிறவர்கள்.

பக்கவாதம் அவளுடைய காலை விட்டுவிட்டது, கையையும் விட்டுவிட்டது. பொருள்களின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. தமிழிலும் போயின, அரபியிலும் போயின. எதிரே நாற்காலி இருக்கும், அது உட்காரத்தான் என்று தெரியும், பெயர் மட்டும் வராது.

"அதை எடுத்துட்டு வாங்க."

"எதை?"

"அதான்... அதை."

தமிழில் நாற்காலியும் அது, சாவியும் அது. நான் வீடு முழுக்கக் கைக்கு வந்ததையெல்லாம் தூக்கிக் காட்டி, "இதுவா? இதுவா?" என்று திரிவேன். ஒருநாள் எரிச்சலில் அவள் "தில்க!" என்று கத்தினாள். கத்தியவளே அப்படியே நின்றுவிட்டாள். பெயர் போய்விட்டது, ஆனால் அந்தப் பெயர் ஆண்பாலா பெண்பாலா என்பது போகவில்லை.

அரபியில் உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. பக்கத்தில் இருப்பது ஆண்பாலானால் ஹாதா, பெண்பாலானால் ஹாதிஹி. தள்ளி இருந்தால் தாலிக, தில்க. அவள் தில்க என்றால் சாவி இல்லை, கதவு இல்லை, நாற்காலி இல்லை. மூக்குக் கண்ணாடி, கரண்டி, கைக்கடிகாரம், இவற்றில் ஒன்று. பாதி அலைச்சல் மிச்சம். "இத்தனை வருஷம் சொல்லிக் குடுத்தேன், நீங்க படிக்கல. இப்பப் படிக்கிறீங்க," என்றாள். சிரிக்கும்போதுகூடக் களைத்திருந்தாள்.

வகுப்பை விடமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். மையத்தின் முதல்வர், "ஒரு வகுப்பு பாக்குறேன் டீச்சர், அப்புறம் பேசலாம்," என்றார். என்ன பேசுவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அன்று நானும் கூடப் போய்க் கடைசி பெஞ்சில், முதல்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் பாடத்தைத் தலைகீழாக மாற்றியிருந்தாள். அறையின் கோடியில் இருந்த கதவைக் காட்டி, "தாலிக..." என்று நிறுத்தினாள்.

"பாப்!" என்றது வகுப்பு.

பக்கத்து ஜன்னலைத் தொட்டாள். "ஹாதிஹி..."

"நாஃபிதா!"

முன் வரிசையில் இருந்தவர்களை மொத்தமாகக் காட்டினாள். "ஹாஉலாயி..."

"துல்லாப்!" இவர்கள் மாணவர்கள். தங்களைத் தாங்களே சொல்லிக்கொண்டதில் எல்லோருக்கும் சிரிப்பு.

பிறகு மேசையில் அடுக்கியிருந்த புத்தகங்கள் மேல் கை வைத்து, "ஹார்ன், நீங்க சொல்லுங்க," என்றாள். எல்லோருக்கும் முன்னால் கத்திப் பதில் சொல்கிற டாக்ஸி டிரைவருக்கு வகுப்பு வைத்த பெயர் அது.

"நிறைய இருக்கு டீச்சர். ஹாஉலாயி குதுப்!"

"இல்ல. அது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு. இதுங்களுக்கு ஹாதிஹி. எத்தனை இருந்தாலும் ஹாதிஹிதான்."

"இம்புட்டும் சேந்து ஒரே பொம்பளையா டீச்சர்?"

"ஆமா. அடுக்கி வச்சா அப்படித்தான்."

வகுப்பு குலுங்கியது. முதல்வர் சிரிக்கவில்லை. எழுந்து, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினார். "டீச்சர், அது என்ன? நீங்களே சொல்லுங்க."

"தில்க..."

நர்ஸ் ஒருத்தி வாயைத் திறந்தாள். முதல்வர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"தில்க," என்றாள் என் மனைவி மறுபடியும். அவள் உதடுகள் எதையோ தேடின. முள் நகரும் சத்தம் கேட்டது. "எனக்கு வரல சார். ஆனா அது தில்கதான். தாலிக இல்ல."

"தப்பில்ல," என்றார் முதல்வர். உட்கார்ந்தார். அப்புறம் தாழ்ந்த குரலில் அந்த நர்ஸைக் கேட்டார்: "அது என்னம்மா?"

"தில்க ஸாஆ, சார்."

வகுப்பு கலைந்த பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான்: மேல்வகுப்புகள் இனி வேறு ஒருவருக்கு. முதல் பாடம், வரும் எல்லாப் புதியவர்களுக்கும், அவளுக்கு.

படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே பாடம். திரும்பத் திரும்ப."

"வேணாம்னு சொல்லிடவா?"

"சொல்ல வேணாம். பேர் சொல்ல அவங்க இருக்காங்கல்ல."

அப்படியே எடுத்தாள். இரண்டாவது பக்கவாதம் வந்த வாரம்வரை ஹாதா, ஹாதிஹி. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவாள். படுத்தபடி கையை நீட்டி "தாலிக" என்பாள். நான் போர்வையைக் காட்டுவேன், விளக்கைக் காட்டுவேன், சில நாள் அவளே மறந்துபோய்த் தூங்கியிருப்பாள்.

துக்கம் கேட்க ஹார்ன் வந்திருந்தார். அன்றைக்கு அவர் கத்தவில்லை. தண்ணீர் குடித்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்துவிட்டுப் போனார்.

இந்த வீட்டில் எது தில்க, எது தாலிக என்று இப்போது எனக்குத் தெரியும். எடுத்து வரச் சொல்லத்தான் ஆளில்லை.