மாடியை வாங்க வந்த டாலர்

ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரம்மா வருஷா வருஷம் என் மாடியில்தான் குடியிருந்தாள். டாலரை மாற்றித் தடையில்லாமல் வாடகை கொடுத்தாள். அதனால், மாடியையே வாங்கிக்கொண்டு கடைசிவரை என்னோடு இருப்பதாக அவள் சொன்னதும், நடக்கும்னு நம்பிவிட்டேன். ரெண்டு பேரும் பேங்குக்குப் போனோம்.

“வாடகை, சாப்பாடு, டிக்கெட்டுக்கு எவ்வளவு வேணா மாத்தலாம்மா. வீடு வாங்கினா அது முதலீடு, அதுக்குச் சட்டம் வேற. டூரிஸ்ட்டா வர்றவங்க வாங்க முடியாதுங்க” என்றார் மேனேஜர்.

“அதே டாலர்தானேப்பா?” என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊருக்குக் கிளம்பும்போது மிச்ச ரூபாயை எல்லாம் டாலராக மாற்றினாள். ஒரு நூறு ரூபாய் நோட்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டாள்.

“உங்க ஊர்ல இதை யாரும் வாங்கமாட்டாங்களே?”

“திரும்பி வந்தா ஆட்டோவுக்கு ஆகும்” என்றாள் அரைகுறைத் தமிழில்.

மாடியை நான் வேறு யாருக்கும் விடவில்லை.