அக்காவின் படத்தில் என் கை

என் அக்காவுக்குப் பொட்டு வைத்ததும் வளையல் போட்டதும் மருதாணி இட்டதும் நான்தான். எல்லாம் படத்தில். நிஜத்தில் அவளுக்கு இதில் ஒன்றும் கூடாது, ஆஸ்பத்திரி நர்ஸ். வார்டில் கை மொட்டையாக இருக்க வேண்டும், நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் செராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கலர் பிலிம் வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கிக் கையால் வர்ணம் தீட்டிக் கேட்பவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்த வேலை. வேலை என்றால் பெரும்பாலும் இல்லாததைச் சேர்ப்பதுதான். அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்து, "கொஞ்சம் கல்யாணக் களை வர மாதிரி பண்ணுங்கம்மா" என்பார்கள். களை என்ன கடையிலா விற்கிறது? ஆனாலும் தீட்டுவேன்.

அக்காவின் படம் அவள் நர்ஸிங் முடித்த வருஷம் இதே ஸ்டூடியோவில் எடுத்தது. டூட்டி முடிந்து நேராக வந்து, அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு, பிரம்பு நாற்காலியின் முதுகில் இடது கையைப் போட்டு நின்றாள். நெற்றியில் பொட்டில்லை. ஆனால் சிரிப்பு அள்ளிக்கொண்டு போகும். பத்து வருஷம் கழித்தும் மாப்பிள்ளை வீடுகளுக்கு அம்மா அதையே கொடுத்துக்கொண்டிருந்தார். புதிதாக ஒன்று எடுத்துத்தான் பார்த்தோம். அதில் அக்கா காமிராவை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அம்மா அதை அலமாரியில் துணிக்கடியில் வைத்துவிட்டார்.

அப்போதுதான் தரகர் அம்மா ஒரு வரனோடு வந்தார். ஷிப்யார்டில் சூப்பர்வைசர், முதல் மனைவி இறந்துபோனவர், பிள்ளை இல்லை. அக்காவுக்கு முப்பத்து மூன்று. இதற்கு முன் வந்தவர்கள் வயதைக் கேட்டதும் கோப்பியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனவர்கள். இந்த வரன் தவறினால் இனி யாரும் வரமாட்டார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"படத்துல பொண்ணு மொட்டையா இருக்குது லா," என்றார் தரகர் அம்மா. "மாப்பிள்ளையோட அம்மா ஒரு மாதிரி. நெத்தி, கையெல்லாம் மங்களமா இருக்கணும். இப்ப மெஹந்திதான் பேஷன், அதையும் போட்டுடு. நீதான் ஸ்டூடியோல இருக்கியே."

அக்கா என்னைப் பார்த்து, "போடு. எனக்கும் பாக்கணும்," என்றாள். அந்த 'எனக்கும்' என்ற சொல் என்னை என்னவோ செய்தது. என் உயிரைக் கொடுத்தாவது நன்றாகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பொட்டிலிருந்து ஆரம்பித்தேன். அக்கா முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பியிருந்தாள். திரும்பிய முகத்தில் வட்டமாகப் பொட்டு வைத்தால் காகிதத்தில் ஒட்டியதுபோல் நிற்கும், நெற்றியில் இருக்காது. அதனால் சற்றே ஒடுங்கிய வட்டமாக, புருவ நடுவோடு சேர்த்து நகர்த்தி வைத்தேன். விளக்கு இருந்த பக்கம் சிவப்பை இளக்கி, மறுபக்கம் அடர்த்தியாக்கினேன். குங்குமம் மினுங்காது. அதனால் வெள்ளைப் புள்ளி வைக்கவில்லை.

வளையலிலும் மருதாணியிலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊகத்தில் தீட்டினால் பொய் பல்லிளித்துவிடும். ஒரு மாலை என் இடது கையிலேயே மெஹந்தி இட்டுக்கொண்டேன். நடுவில் ஒரு பூ, சுற்றிப் புள்ளிகள், சுண்டுவிரல் பக்கமாக ஒரு கொடி, விரல் நுனிக்குத் தொப்பி. மறுநாள் கண்ணாடி வளையல்களை மாட்டி, அதே பிரம்பு நாற்காலியில் அதே மாதிரி கையைப் போட்டு, விளக்கையும் அதே பக்கம் வைத்து, ஸ்டூடியோ அங்கிளைப் படம் எடுக்கச் சொன்னேன். அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீட்டினேன்.

அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. வளையல்கள் சும்மா நிற்பதில்லை. கீழே சரிந்து, கை அகலமாகும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. பின்பாதி மணிக்கட்டுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. விளக்குக்கு எதிர்ப்பக்கம் தோலில் மெல்லிய நிழல் விழுகிறது, அது தோலின் வளைவோடு வளைகிறது. மருதாணிக் கோடு விரல் முட்டியில் ஏறி இறங்குகிறது, கையின் ஓரத்தில் நெருங்கிக் காணாமல் போகிறது. அது தோலுக்குமேல் உட்காருவதில்லை, தோலுக்குள் ஊறியிருக்கிறது. ஆகவே பழுப்பை நன்றாக நீர்க்கவிட்டு, அடியில் தோலின் வெளிச்சம் தெரியும்படி பூசினேன். முடித்துப் பார்த்தபோது எனக்கே கர்வமாக இருந்தது. அக்கா படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "வளையல் சத்தம் கேக்குது போல இருக்கு," என்றாள்.

படத்தைத் தரகர் அம்மா கொண்டுபோய்க் கொடுத்தார். மறு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மார்சிலிங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா பொட்டு வைத்து, வளையல் போட்டு, கோப்பி கொண்டுவந்தாள். கையில் மருதாணி இல்லை. மறுநாள் டூட்டி. அவள் பின்னால் நான் முறுக்குத் தட்டை எடுத்துப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா தட்டைப் பார்க்கவில்லை, தட்டைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். கைப்பையிலிருந்து படத்தை எடுத்து என் கைப்பக்கம் நீட்டினார். பூ, புள்ளி, கொடி, எல்லாம் அச்சு அசல்.

"படத்துல இருக்கிற பொண்ணு இதுதானே?" என்றார் என்னைக் காட்டி. "கை இங்க இருக்கு. அப்புறம் எதுக்கு மூத்தவள உக்கார வெச்சிருக்கீங்க?"

எங்களுக்கு ஒரே முகவெட்டு. எனக்கு அப்போது, படம் எடுத்தபோது அக்காவுக்கு இருந்த வயதுதான்.

"ஐயோ, முகம் மூத்தவளோடதுதான்," என்று அம்மா பதறினார். "கையில இருக்கிறது பெயிண்ட். சின்னவதான் தீட்டுனா."

"அப்ப மூஞ்சியும் பெயிண்ட்தானா?"

"அம்மா, போதும்," என்றார் மாப்பிள்ளை. நல்ல மனிதர்தான் போலும். ஆனால் அவரும் அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார். அக்கா எல்லோருக்கும் கோப்பி கொடுத்து முடித்து, தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் அம்மா வந்து, சின்னவள் என்றால் சம்மதமாம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை வாசல்வரை துரத்தாத குறை. அதைவிட, நான் சரி என்பேனா என்று அம்மா என் முகத்தைப் பார்த்தாரே, அதுதான் தாங்கவில்லை.

"சரின்னு சொல்லிடு," என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து என்ன செய்யப் போறோம்?" நான் முடியாது என்றேன். அதனால் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. தரகர் அம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார். வேறு யாரும் வரவில்லை.

அம்மா அந்தப் படத்தைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்கள் கையைத்தான் புகழ்வார்கள். நான் கழற்றிவிடலாம் என்றேன். அக்காதான், இருக்கட்டும் என்றாள்.

பல வருஷம் கழித்து ஒரு காலை, டூட்டி முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் நின்றாள். மருந்துத் தண்ணீரில் கழுவிக் கழுவி வெடித்துப்போன இடது கையைத் தூக்கி, படத்திலிருந்த கைக்குப் பக்கத்தில் அதே மாதிரி வைத்துப் பார்த்தாள்.

"எனக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும், இல்ல?" என்றாள்.