நாலாவது நிமிஷத்தில் இருந்த ஊசி

ஆம்பூரில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் நர்ஸாக இருந்தபோது நடந்தது இது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, பிரௌசிங் சென்டர்கள் தெருவுக்கு ஒன்றாக முளைத்திருந்த காலம்.

ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் ஒரு அக்கா, ஆறாத கால் புண்ணோடு வந்தார். மீட்டரில் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டு ஒழுங்காக இருந்தவர்.

"ஊசியை நிறுத்தி பத்து நாள் ஆவுது சிஸ்டர்."

கூட வந்த அவர் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். "நான்தான் நிறுத்தச் சொன்னேன். நெட்ல வீடியோ வந்திருக்கு. ஏழு நாள்ல இன்சுலினுக்கு விடுதலைன்னு தலைப்புலயே போட்டிருக்கான். குப்பைத்தொட்டியில ஊசி கிடக்கிற படம். என் கண்ணால பாத்தேன்."

"வீடியோவை முழுசா பாத்தீங்களா சார்?"

"நெட் ஸ்லோ. ஒரு நிமிஷம் ஓடிச்சு, அப்புறம் சுத்திக்கிட்டே இருந்துச்சு."

டாக்டர் அன்றைக்கே ஊசியைத் திரும்ப ஆரம்பித்தார். ஆனால் ஆசிரியரின் முகம் மாறவில்லை. வீட்டுக்குப் போனதும் மறுபடி நிறுத்துவார் என்று எனக்குத் தெரிந்தது. அன்று மாலை டியூட்டி முடிந்ததும் இருவரையும் பஜார் பக்கத்து பிரௌசிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன்.

வீடியோவைப் போட்டு, உடனே நிறுத்திவைத்து, முழுவதும் லோட் ஆகும்வரை காத்திருந்தோம். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தலைப்பும் படமும் சொன்னதை எழுதினேன். மறுபக்கத்தை ஆசிரியரிடமே விட்டேன். "உள்ள என்ன வருதோ, நீங்களே எழுதுங்க சார்."

எட்டு நிமிஷம். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பாகற்காய் சாறு பற்றிப் பேசினார். ஏழு நாள் என்ற பேச்சே வரவில்லை. ஊசியை விட்ட ஒரு நோயாளியையும் காட்டவில்லை. கடைசியில் வேகமாக, "டாக்டரைக் கேக்காம மருந்தை நிறுத்தாதீங்க" என்றார். பிறகு பாகற்காய்ப் பொடி வாங்க ஒரு போன் நம்பர்.

"குப்பைத்தொட்டி எங்க?" என்றார் அக்கா.

சென்டர்காரர் சிரித்தார். "அந்த சைட்டு வீடியோவுல மூணு இடத்துல இருந்து படம் எடுத்துக் குடுக்கும். அதுல ஒண்ணு சரியா நடுவுல. வீடியோ போடுறவன் மூணுல ஒண்ண வெளிய தெரியுற முகப்புப் படமா வெச்சுக்கலாம். அதுக்குன்னே நடுவுல ஒரு படத்தை ஒட்டிடுவாங்க." நாலாவது நிமிஷத்தைச் சுற்றி மெதுவாக நகர்த்தினார். சாறு பிழியும் காட்சிக்கு நடுவே, கண் சிமிட்டும் நேரத்துக்கு அந்தப் படம் வந்து போனது.

ஆசிரியர் அதை மூன்று தரம் பார்த்தார். பேனாவை எடுத்து, தன் பக்கத்தில் எழுதினார்: 'நடுவுல ஒட்டினது.'

"பசங்க பேப்பரைத் திருத்தும்போது கேள்விக்குப் பதில் இருக்கான்னு பாப்பேன்," என்றார் மனைவியிடம். "உன் விஷயத்துல பாக்கலியே."

அக்கா கை நீட்டி அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை காலையிலும் ராத்திரியிலும் ஊசி போட்டது ஆசிரியர்தான். அளவை ஒருமுறை உரக்கப் படித்த பிறகே போடுவாராம்.